கல்லூரி ரூம்மேட்ஸ் வெப் சீரிஸ்: முதல் எபிசோடு ஸ்கிரிப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்த கையோடு வெப் சீரிஸ் எழுத உட்காரும் பலர் முதலில் தொடுவது ரூம்மேட்ஸ் கதையைத்தான். அதில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே போட்டு, நான் எழுதிய ஒரு பைலட்டை, அதாவது சீரிஸின் முதல் எபிசோடை, உதாரணமாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கதை நடப்பது கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மாடி வீட்டில். நீளம் 14 நிமிடம், காட்சிகள் ஒன்பது.

நாலு ரூம்மேட், ஹவுஸ் ஓனர், டீக்கடைக்காரர், ரெண்டு கிளாஸ்மேட் இருக்காங்க. எல்லாரையும் பைலட்லயே காட்டிடணுமா?

வேண்டாம். 14 நிமிடத்தில் பார்ப்பவர் மனதில் நிற்பது நாலைந்து பேர்தான். அந்த வீட்டுக்குள் தூங்கி எழுபவர்களையும், அவர்களைக் கேள்வி கேட்கும் ஒருவரையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்மேட்டுகள் இரண்டாம் எபிசோடில் வரட்டும்.

என் பைலட்டில் இருப்பவர்கள் இவர்கள். செல்வம், அம்பாசமுத்திரத்துப் பையன். ஐந்து ரூபாய் செலவானாலும் நோட்டில் எழுதுவான், யாருக்கும் யாரும் கடன் வைக்கக்கூடாது என்பது அவன் கட்சி. இம்ரான், கீழக்கரை. கேட்டவருக்கெல்லாம் சரி என்று சொல்லிவிடுவான். கார்த்தி, சென்னை. எந்தச் சிக்கல் வந்தாலும் "எங்க மாமா ஒருத்தர் இருக்கார்" என்பான். பிரபு, கரூர். டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன், ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை. கீழ்வீட்டில் ஓனரம்மா. அவர் முகத்தைக் காட்டுவதே இல்லை, குரல் மட்டும்தான்.

ஒவ்வொருவருக்கும் நான் எழுதியது குணத்தின் பெயர் அல்ல என்பதைக் கவனியுங்கள். "கஞ்சன்", "நல்லவன்" என்று எழுதிவைத்தால் காட்சி எழுதும்போது கை ஓடாது. ஒருவன் தினமும் என்ன செய்வான், எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று எழுதினால், இரண்டு பேரை ஒரே அறையில் விட்டதுமே சண்டை தானாக வரும். எல்லாவற்றையும் எழுதிவைக்கும் செல்வமும், எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் இம்ரானும் ஒரே சிலிண்டரைப் பங்கு போடுகிறார்கள். ஒரு சீசனுக்கு வேண்டிய சண்டை அதிலேயே இருக்கிறது.

புது ஆள் வர்ற நாள்ல தொடங்கறதா, இல்ல எல்லாரும் ஏற்கெனவே பழகின ஒரு சாதாரண நாள்லயா?

இரண்டும் வேலை செய்யும். பழகியவர்களோடு தொடங்கினால் வேகம் கிடைக்கும், ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பதை வசனத்தில் நுழைக்க வேண்டியிருக்கும். "டேய், நாம மூணு பேரும் ரெண்டு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம்" என்று எந்த ரூம்மேட்டும் இன்னொரு ரூம்மேட்டிடம் சொல்ல மாட்டான்.

எல்லோருமே அன்று புதிதாக வந்தால் இன்னொரு தொல்லை. வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருக்காது. வழக்கம் இல்லையென்றால் அதை வைத்துச் சிரிக்கவும் முடியாது. அதனால் மூன்று பேர் பழகிய வீட்டுக்குள் ஒருவனை மட்டும் புதிதாகக் கொண்டுவந்தேன். பார்ப்பவருக்குத் தெரியாதது பிரபுவுக்கும் தெரியாது, அவன் கேட்பது நமக்காகவும் கேட்பதுதான்.

வந்தால் மட்டும் போதாது, அவன் வருகை ஒரு சிக்கலாகவும் இருக்க வேண்டும். ஓனரம்மா மூன்று பேருக்குத்தான் வீடு விட்டிருக்கிறார். இம்ரான் யாரையும் கேட்காமல் பிரபுவுக்குச் சரி சொல்லிவிட்டான். ஆக, பிரபு வீட்டில் இருப்பது கீழே தெரியக்கூடாது. அன்றைய கதை இவ்வளவுதான்.

ரன்னிங் காமெடி எத்தனை வைக்கலாம்? அதை எப்படி விதைக்கிறது?

பைலட்டில் இரண்டு போதும், மூன்று என்றால் அதிகபட்சம். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று முறை இடம் வேண்டும். முதல் முறை வரும்போது அது நகைச்சுவையே அல்ல, வீட்டில் நடக்கும் ஒரு சாதாரண விஷயம். இரண்டாவது முறைதான் பார்ப்பவர் "ஓ, இது இங்கே வழக்கம்போல" என்று பிடித்துக்கொள்கிறார். மூன்றாவது முறை அவர் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அங்கேதான் நீங்கள் மாற்ற வேண்டும். முதல் முறையே சிரிக்கவைக்க முயன்று, பின்னணி இசை போட்டு, முகத்தை க்ளோசப்பில் காட்டிவிட்டால் அடுத்த முறைகளுக்கு ஏறப் படியே இருக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பைலட்டில் வரும் ரன்னிங் காமெடியில் ஒன்றாவது கதையைத் திருப்ப வேண்டும். கதைக்குப் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அது தோரணம்தான், எடிட்டிங்கில் நேரம் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படும். என் பைலட்டில் அந்த வேலையைச் செய்வது தண்ணீர் மோட்டார்.

காட்சி 1, காலை ஐந்தரை. மோட்டார் ஓடுகிறது. கீழிருந்து ஓனரம்மாவின் குரல்: "தம்பீ, மோட்டாரு!" பாயில் படுத்திருக்கும் செல்வம் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிச் சுவிட்சை அணைக்கிறான். யாரும் எதுவும் சொல்வதில்லை. அதே நேரம் வாசலில் பிரபு, ஒரு பையும் புத்தம் புதிய சிவப்பு வாளியுமாக நிற்கிறான்.

காட்சி 4, மதியம். மூன்று பேர் குளித்தால் சாயங்காலம் வரை தாங்கும் டேங்க், நான்காவது ஆள் குளித்ததில் மதியமே காலி. பிரபு தலையில் சோப்போடு நிற்கிறான். செல்வம் மோட்டார் போடுகிறான். குரல் வருகிறது, ஆனால் இந்த முறை அது கேள்வி: "தம்பீ, மோட்டாரு... காலையில தானே போட்டீங்க?" மேலே நான்கு பேரும் உறைந்து நிற்கிறார்கள். அதே மூன்று நொடி விஷயம் இப்போது ஆபத்தாகிவிட்டது. ஓனரம்மா யாரையும் பார்க்கவில்லை, மோட்டாரை வைத்தே ஆள் கணக்கு எடுக்கிறார்.

காட்சி 7, சாயங்காலம். மோட்டார் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. டேங்க் நிறைந்து மாடிப்படியில் தண்ணீர் வழிகிறது. குரல் வரவில்லை. அதைக் கவனிப்பது புதிதாக வந்த பிரபு: "அவங்க இன்னும் கூப்பிடலையே?" இறங்கி ஓடுகிறார்கள். ஓனரம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து எழமுடியாமல் கிடக்கிறார். ஒளிந்திருக்க வேண்டியவனே முன்னால் போய்த் தூக்குகிறான், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான்.

குரலுக்குச் சிரித்த பார்வையாளர், குரல் வராதபோது பயப்படுகிறார். முதல் இரண்டு முறையும் பயந்துகொண்டு "விளக்கம்" கொடுத்திருந்தால் இந்த மௌனம் யாருக்கும் கேட்டிருக்காது.

ரெண்டாவது ரன்னிங் காமெடிக்கும் இதே மாதிரி பெரிய திருப்பம் வேணுமா?

வேண்டாம், அது அளவில் சின்னதாக இருப்பதே நல்லது. செல்வத்தின் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி 2-இல் பிரபு குடித்த டீக்கு 12 ரூபாய் எழுதுகிறான். நோட்டில் மூன்று பெயருக்கு மூன்று பத்தி. பிரபுவின் பெயரை ஓரத்தில், மார்ஜினுக்கு வெளியே எழுதுகிறான். இதை வசனத்தில் சொல்லாமல் கேமரா மட்டும் பார்க்கட்டும். காட்சி 5-இல் கார்த்தி ஒரு முட்டையைக் கீழே போட்டுவிட, உடைந்த முட்டை யார் கணக்கு என்று ஒரு சின்ன வழக்கு நடக்கிறது. கடைசிக் காட்சியில் பிரபு ஆட்டோவுக்குக் கொடுத்த 150 ரூபாயை எழுத செல்வம் நோட்டைத் திறக்கிறான். ஓரத்தில் இடம் இல்லை. ஸ்கேலை எடுத்து, பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, நான்காவது பத்தி உண்டாக்குகிறான். "இனி நீ எங்களில் ஒருவன்" என்று வசனம் எழுத எனக்கும் கை வந்தது. கோடு வந்த பிறகு அந்த வசனத்துக்கு வேலை இல்லை.

ஒரு காட்சியை முழுசா எழுதிக் காட்டுங்களேன்.

காட்சி 2-இன் பெரும்பகுதி இது. இடம் அதே அறை, நேரம் காலை ஆறேகால்.

*ஸ்டவ் மேல் டீ. நான்கு டம்ளர். செல்வம் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். பிரபு சுவரோரம், வாளியை மடியில் வைத்தபடி.*

செல்வம்: ஏல இம்ரானு, இவன் எத்தன நாளுக்கு?

இம்ரான்: ரெண்டு நாள்.

பிரபு: (மெதுவாக) ரெண்டு வருஷம்னு சொன்னீங்க அண்ணா.

*மௌனம். டீ பொங்குகிறது. கார்த்தி அணைக்கிறான்.*

கார்த்தி: விடுடா, அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா பாத்துக்கலாம். எங்க மாமா ஒருத்தர் வீட்டு புரோக்கர்.

செல்வம்: போன மாசம் அந்த மாமா லாரி வச்சிருந்தாரு.

கார்த்தி: அது வேற மாமா.

*செல்வம் பிரபுவிடம் டம்ளரை நீட்டுகிறான். பிரபு ஒரு வாய் குடிக்கிறான். செல்வம் நோட்டில் எழுதுகிறான்.*

பிரபு: என்ன அண்ணா எழுதுறீங்க?

செல்வம்: பன்னெண்டு.

*பிரபு டம்ளரைப் பார்க்கிறான். மீதியைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.*

யாரும் ஜோக் சொல்லவில்லை. "ரெண்டு நாள்" என்பதில் இம்ரான் வந்துவிட்டான், மாமாவில் கார்த்தி, பன்னிரண்டில் செல்வம். பிரபு வாளியை மடியில் வைத்திருப்பதில் அவன் இன்னும் அங்கே குடியேறவில்லை என்பதும் இருக்கிறது. ஒரே வயதுக்காரர்களை அவன் அண்ணா என்பதும் அதற்காகத்தான். கடைசிக் காட்சியில் "செல்வம்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

நாலு ஊர்ப் பசங்க. எல்லார் வசனத்தையும் வட்டார வழக்குல எழுதணுமா?

ஒரு சொல், ஒரு விகுதி போதும். அம்பாசமுத்திரத்துச் செல்வத்துக்கு "ஏல", "வந்துட்டாம்லா" என்று அங்கங்கே விழுந்தால் சரி, வரிக்கு வரி போட்டால் மிமிக்ரி ஆகிவிடும். இம்ரான் வீட்டுக்குப் பேசும்போது "உம்மா", "வாப்பா" என்பான், அறையில் மற்றவர்களிடம் பேசும்போது பொதுவாகத்தான் பேசுவான். ஊரைவிட்டு வந்த பையன்கள் அப்படித்தான், வீட்டிலிருந்து போன் வந்ததும் பேச்சு ஊருக்குத் திரும்பிவிடும். அது காட்சியாகவே எழுதத் தக்கது. ஓனரம்மா மட்டும் முழுக்கக் கொங்குத் தமிழ், "ஏனுங்க தம்பி" என்று மரியாதை குறையாமல். கோபமாக இருக்கும்போதும் அந்த "ங்க" போகாது. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வசனத்தைக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தானாக மாற்றிப் படிக்கும் இடத்தில் அவர் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு சொல்றாங்களே. தமிழ் ஸ்கிரிப்ட்டுக்கும் அது சரியா?

நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு 12 புள்ளி அளவு கூரியர் என்ற எழுத்துருவில், குறிப்பிட்ட ஓரங்களோடு அடித்த ஆங்கிலப் பக்கத்துக்கு உண்டானது. கூரியரில் தமிழ் எழுத்து கிடையாது, கணினி வேறு ஒரு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அது அகலமும் உயரமும் வேறு, பக்கக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு, நடிக்கும் வேகத்தில் சத்தமாகப் படியுங்கள். செய்கைகளுக்கும் நேரம் விட்டுப் படிக்க வேண்டும், டேங்க் நிரம்பி வழிவதை ஒரு வரியில் எழுதிவிடலாம், திரையில் அது அரை நிமிடம். என் முதல் வரைவு வசனத்தை மட்டும் படித்தபோது 11 நிமிடம் வந்தது. செய்கைகளையும் கணக்கில் எடுத்தபோது 17. அதில் மூன்று நிமிடம் வெட்டினேன்.

எந்த சாஃப்ட்வேர்ல எழுதினாலும் கேரக்டர் பேரு நடுவுல வரமாட்டேங்குது. என்ன பண்றது?

நீங்கள் ஃபவுன்டன் என்ற எளிய எழுத்து வடிவத்தில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு வரி முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் பாத்திரத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லையே. பெயருக்கு முன்னால் `@` போட்டால் சரியாகிவிடும். பெயருக்கு மேலே ஒரு காலி வரி வேண்டும், பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே காலி வரி கூடாது. காட்சித் தலைப்பை `INT.` அல்லது `EXT.` என்று தொடங்குங்கள்.

```
INT. மாடி வீடு - அதிகாலை

தரையில் மூன்று பாய்கள். மோட்டார் சத்தம்.

@ஓனரம்மா (குரல்)
தம்பீ, மோட்டாரு!
```

கார்த்தி போன்ல ஒரு சினிமாப் பாட்டு ரிங்டோன். தப்பான நேரத்துல அது அடிக்கிறதுதான் எங்க ரன்னிங் காமெடி. பிரச்சினை வருமா?

வரும். யூடியூபில் பதிவேற்றும்போது அதன் கன்டென்ட் ஐடி முறை சில நொடிப் பாட்டைக்கூடப் பிடித்துவிடலாம். உரிமையாளர் அந்த எபிசோடின் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், வீடியோவையே தடுக்கவும் செய்யலாம். ஒரு காட்சியில் வந்தால் வெட்டிவிடலாம். எபிசோடுக்கு எபிசோடு வரும் ரன்னிங் காமெடியே அதன்மேல் நின்றால் மொத்த சீரிஸும் மாட்டிக்கொள்ளும். நண்பர் ஒருவரை விட்டு நான்கு நொடி மெட்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்க ஹாஸ்டல்ல எடுக்கலாம்னு இருக்கோம். வாடகை வீடு ஏன்?

கல்லூரி நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது கடினம், கிடைத்தாலும் விடுமுறை நாட்களில்தான் கிடைக்கும், ஹாஸ்டல் காலியாகத் தெரியும். எழுத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஹாஸ்டலில் தண்ணீர், கரண்டு, சாப்பாடு எல்லாம் வார்டன் பொறுப்பு, பையன்கள் முடிவெடுக்க வேண்டியது குறைவு. வாடகை வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் யார் வாங்குவது, அட்வான்ஸ் யார் கொடுத்தது என்று எல்லாமே கதை.

ஹாஸ்டல்தான் என்று முடிவு செய்தால் ராகிங்கைச் சிரிப்புக்கு எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அது தனிச் சட்டப்படி குற்றம். அதை அனுபவித்தவர்கள் உங்கள் பார்வையாளர்களில் நிச்சயம் இருப்பார்கள்.

ஒரு ரன்னிங் காமெடி செத்துப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

படித்துக் காட்டினால் தெரிந்துவிடும். கதை தெரியாத ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். சிரித்த இடத்தில் ஒரு புள்ளி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால் ஒரு சுழி.

கார்த்தியின் மாமா என் முதல் வரைவில் ஐந்து முறை வந்தார். முதலில் வீட்டு புரோக்கர், அப்புறம் ஈ.பி. அலுவலகம், தண்ணீர் லாரி, போலீஸ், டாக்டர். முதல் இரண்டுக்குப் புள்ளி விழுந்தது. மூன்றாவதுக்குப் புன்னகை. நான்காவது வரும்போது படித்துக்கொண்டிருந்தவரே வேகமாகத் தாண்டிப் போய்விட்டார். மாமாவின் வேலை மட்டும் மாறிக்கொண்டிருந்தது, வாக்கியம் அதே, கார்த்தியின் தேவையும் அதே. ஐந்து வேலையும் சேர்ந்து ஒரே ஜோக்தான்.

பைலட்டில் இரண்டை மட்டும் விட்டேன். ஒன்று மேலே காட்டிய டீ காட்சி. இன்னொன்று மருத்துவமனை வராந்தாவில்: இம்ரான் "டேய், உங்க மாமா யாராவது..." என்று தானே கேட்கிறான், கார்த்தி தலை குனிந்து "இல்லடா" என்கிறான். பையன் பேருக்குத்தான் மாமாக்களைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று அங்கே தெரிகிறது. அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கவும் வேண்டாம். நிஜமாகவே ஒரு மாமா வந்து நிற்பதை இரண்டாம் எபிசோடுக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு தாளில் ஒவ்வொரு ரன்னிங் காமெடியும் எந்த எபிசோடில் எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். இரண்டு எபிசோடுக்கு எந்த மாற்றமும் இல்லாமல் ஒன்று அப்படியே நின்றால், அடுத்ததில் அதை வராமல் செய்யுங்கள்.

பைலட்டை எங்கே முடிக்கறது? பெரிய சஸ்பென்ஸ் வேணுமா?

ரூம்மேட்ஸ் கதைக்குத் தேவையில்லை. அன்று தொடங்கிய சிக்கல் அன்றே தீரட்டும், ஆனால் தீர்ந்த விதத்தில் புதிதாக ஏதோ ஒன்று மாறியிருக்கட்டும். காலில் கட்டோடு வீடு திரும்பிய ஓனரம்மா (கட்டுப் போட்ட பாதம் மட்டும்தான் ஃப்ரேமில்) பிரபுவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "நாலாவது ஆளுக்குத் தண்ணிக் காசு எரநூறு தனிங்க தம்பி" என்கிறார். செல்வம் கோடு போடுகிறான். சிவப்பு வாளி மற்ற மூன்று வாளிகளுக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது.

மறுநாள் காலை ஐந்தரை. மோட்டார் ஓடுகிறது. நான்கு பாய்கள். குரல் வரும் முன்னால், கண்ணைத் திறக்காமல் பிரபுவின் கை சுவிட்சை நோக்கி நீள்கிறது. எட்டவில்லை. அவன் பாய் சுவிட்சிலிருந்து தூரத்தில் கிடக்கிறது.

"தம்பீ, மோட்டாரு!"

செல்வத்தின் கை அணைக்கிறது. திரை இருள்கிறது.